பித்தளைப் பூட்டும் மூன்று சுற்றுப் பிளாஸ்டிக்கும்

"கூர்ந்த பார்வை, கலங்காத நெஞ்சம், கட்டுக்கோப்பான உடல். பயணிகளின் உடைமைகளுக்குத் தேவையற்ற சேதம் நேராமல் சோதனையிடுபவர். கேட்ட கேள்விக்குத் தயங்காமல் தெளிவான விளக்கம் தருபவர்."

நீண்டகாலச் சேவைக்கான விருது விழாவில் லாசரஸைப் பற்றி இப்படித்தான் வாசித்தார்கள். வாசித்த பெண்மணி அவரை அதற்குமுன் பார்த்ததில்லை. கட்டுக்கோப்பான உடலைத் தேடி அரங்கின் பின்வரிசைவரை கண்ணை ஓட்டினார். முன்வரிசையிலிருந்து ஒல்லியான, கூன்போட்ட, சீருடைச் சட்டைக்குள் இன்னொருவருக்கும் இடம் வைத்திருந்த மனிதர் எழுந்து வந்தபோது, வேறு யாருக்காகவோ வாங்க வருகிறார் என்று நினைத்து, "அவர் வரலையா?" என்றுகூடக் கேட்டுவிட்டார்.

கூர்ந்த பார்வையைப் பொறுத்தமட்டில் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. கலங்காத நெஞ்சம் என்பது அதைவிடப் பெரிய செய்தி. சிங்கப்பூரில் குவீன்ஸ்டவுன் பக்கம் அவருடைய தேவாலயப் பங்கில் யார் வீட்டுக் கல்யாணம் நடந்தாலும் பெண்ணின் அம்மாவுக்கு முன்பாகவே அழுது முடித்துவிடுகிறவர் லாசரஸ். தெளிவான விளக்கம் என்றால் அவர் மனைவி அந்தோனியம்மாள்தான் சிரிக்க வேண்டும். "இவர்கிட்ட இன்னிக்கு என்ன கறின்னு கேட்டா, சாப்பிட்டு முடிச்ச பிறகு பதில் வரும்" என்பார் அவர்.

ஆனாலும் விமான நிலையத்தில் லாசரஸ் வேண்டப்பட்ட ஆள். விமானத்தின் சரக்கறைக்குப் போகிற பெட்டிகளை எக்ஸ்ரே கதிர்ப்படத்தில் பார்த்து, ஏதாவது உறுத்தினால் தனியே தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளப்பட்டதைத் திறந்து பார்ப்பது அவர் வேலை. அதற்குமுன் ஒரு ஹோட்டலில் பெட்டி தூக்கினார். பெட்டிகளோடே பிழைத்தவர் என்பதால் அவற்றிடம் ஒரு மரியாதை உண்டு. திறக்குமுன் பெட்டியின் முதுகில் ஒருமுறை தட்டிக்கொடுப்பார். ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற நர்ஸ் தட்டுவதுபோல இருக்கும். தன் சொந்தப் பெட்டியை மட்டும் அவர் பூட்டியதே இல்லை. வேளாங்கண்ணிக்குப் போகும்போதெல்லாம் ஜிப்பின் இரண்டு காதையும் ஒரு நாடாத்துண்டால் முடிந்து அனுப்புவார்.

"எல்லாரும் பூட்டுறாங்க, நீங்க மட்டும் ஏன் லா இப்படி?" என்று கூட வேலை செய்யும் உமைர் கேட்டான். உமைருக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. ஆனாலும் லாசரஸ் அவனுக்கு அங்கிள்தான். பேச்சோடு ஒட்டும் அந்த 'லா' சிங்கப்பூர் வழக்கு.

"பூட்டு எதுக்குன்னு எனக்குத் தெரியும். அதான் பூட்டுறதில்ல."

அவருக்குத் தெரிந்தது இதுதான். நான்கு சக்கரம் வைத்த துணிப்பெட்டியில் பூட்டு பிடித்துக்கொண்டிருப்பது ஜிப்பின் இரண்டு காதை மட்டும்தான்; ஜிப்பை அல்ல. ஒரு பால்பாயிண்ட் பேனாவின் முனையை ஜிப்பின் பல்வரிசையில் அழுத்தினால் அது வாழைப்பழத் தோல்போலப் பிளந்துகொள்ளும். வேண்டியதை எடுத்துவிட்டு, பூட்டோடு சேர்ந்த காதுகளை ஒருமுறை இப்படியும் அப்படியும் ஓட்டினால் பல்வரிசை மறுபடி மூடிக்கொள்ளும். பூட்டு பூட்டியபடியே இருக்கும். திருடனுக்கு வசதியான வழி. அதனாலேயே லாசரஸின் அறையில் அந்த வழிக்கு அனுமதி இல்லை. சோதனைக்காரர் திறந்த பெட்டி, திறக்கப்பட்ட பெட்டியாகவே தெரிய வேண்டும். சாவி கிடைத்தால் சாவி. எண் பூட்டென்றால் உரியவர் சொல்லும் எண். அமெரிக்க விமானப் பாதுகாப்புத் துறையின் சிவப்புக் குறி போட்ட பூட்டுகளுக்கு ஒரு பொதுச்சாவி உண்டு. இவை எதுவும் இல்லையென்றால் பூட்டை வெட்ட வேண்டும். பயணியோ விமான நிறுவனத்து ஆளோ பக்கத்தில் நிற்க வேண்டும். முடிந்ததும் உள்ளே அச்சடித்த சீட்டு ஒன்றை வைத்து, ஜிப்பின் காதுகளில் பிளாஸ்டிக் கட்டு போட்டு இறுக்கி, மறுபடியும் கதிர்ப்படத்துக்கு அனுப்ப வேண்டும்.

பிளாஸ்டிக் சுற்றிய பெட்டிகளுக்கு மட்டும் லாசரஸ் தாமே ஒரு வழி வைத்திருந்தார். மற்றவர்கள் வெட்டுக்கத்தியை மேலே வைத்து ஒரே இழுப்பாக இழுத்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக்கையெல்லாம் உரித்துக் குப்பையில் போடுவார்கள். லாசரஸ் போடமாட்டார். அந்தப் பிளாஸ்டிக்கைச் சுற்ற ஒருவர் எவ்வளவு நேரம் முட்டிபோட்டு உட்கார்ந்திருப்பார் என்று ஹோட்டல் நாட்களிலிருந்தே பார்த்தவர். பூட்டு இருக்கும் இடத்தில் மட்டும் ஜன்னல்போல வெட்டி, கையை உள்ளே விட்டு, ஜிப் போகிற வழியே பிளாஸ்டிக்கைக் கீறிக்கொண்டு போவார். முடிந்ததும் கீறல்மேல் டேப் ஒட்டினால் சுற்று பழையபடி நிற்கும். இந்தக் கருணைக்காக உமைர் அவரைக் கேலி செய்வான். "அங்கிள், நீங்க பெட்டி திறக்கிறீங்களா, ஆபரேஷன் பண்றீங்களா?"

நடேசன் என்பவரின் பெட்டி ஒரு காலை வேளையில் வந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றி லாசரஸுக்கு அப்போது எதுவும் தெரியாது. அவருக்குப் பிறகு தெரிந்ததை நாம் முன்கூட்டியே தெரிந்துகொள்வதில் யாருக்கும் நட்டமில்லை. கப்பல் பட்டறையில் வேலை பார்த்த நடேசன், விடுதியில் தூங்கப்போனவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். உடல் முன்பே ஊருக்குப் போய்விட்டது. கட்டிலுக்குக் கீழே பெட்டி மட்டும் இருந்தது. அடுத்த விடுப்புக்காக அவர் சிறுகச் சிறுகச் சேர்த்துப் பூட்டி வைத்த பெட்டி. லிட்டில் இந்தியாவில் வாங்கிய சின்னப் பித்தளைப் பூட்டு அதற்கு. பூட்டோடு இரண்டு சாவி கொடுப்பார்கள். ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, இன்னொன்றை முந்தின விடுப்பில் மனைவி வசந்தகுமாரியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அங்கே பலரும் செய்வதுதான் அது. வந்து இறங்கியதும் பெட்டியைத் திறப்பது வீட்டுக்காரியின் உரிமை. புருஷன் குளிக்கப் போவான். அவள் சாவியோடு வந்து உட்காருவாள்.

நடேசனின் சாவி எங்கே போனதென்று தெரியவில்லை. அவருடைய கைபேசியையும் பர்ஸையும் யார் யாரோ திறந்து பார்த்து, உறையில் போட்டு, கையெழுத்து வாங்கி அனுப்பியிருந்தார்கள். அதனால் வசந்தகுமாரி, அதே அறையில் தங்கியிருந்த இளமாறனிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தப் பொட்டியையாச்சும் அவரு பூட்டுன மாதிரியே கொண்டாந்து குடுங்க தம்பி. எங்கிட்ட சாவி இருக்கு. நானே தொறக்குறேன்."

இளமாறன் சரியென்று சொல்லிவிட்டான். கருமாதிக்குப் போகிறவனே அவன்தான். அறைத்தோழன் ஜெய், பட்டறையின் கிடங்கில் சரக்குக் கட்டுகளுக்குப் பிளாஸ்டிக் சுற்றுகிறவன். அவன் தன் கைத்திறமையையெல்லாம் காட்டிப் பெட்டியை மூன்று சுற்றுச் சுற்றிக் கொடுத்தான். வெளியிலிருந்து பார்த்தால் பெட்டியின் நிறமே தெரியவில்லை. பூட்டு மட்டும் ஒரு புடைப்பாகத் தெரிந்தது. விமான நிலையத்தின் பதிவு முகப்பில், பெட்டியை நீங்களே கட்டினீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றான் இளமாறன். இன்னொருவருடைய, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டி என்று உண்மையைச் சொல்லியிருந்தால் ஏற்றியிருக்கமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். பவர் பேங்க் இருக்கிறதா என்றும் கேட்டார்கள். இல்லை என்றான். அதை அவன் பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை.

படத்தில் பவர் பேங்க் தெரிந்தது. தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்பதால் அதைச் சரக்கறையில் வைக்கக்கூடாது, கையில் கொண்டுபோகலாம். பெட்டி லாசரஸின் மேசைக்கு வந்தது. குடிநுழைவுச் சோதனைக்குள் போகவிருந்த இளமாறனை விமான நிறுவனத்தின் திவ்யதர்ஷினி ஓடிப்போய்ப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

"அங்கிள், திருச்சி ஃப்ளைட். போர்டிங் சீக்கிரம் ஆரம்பிச்சுடுவாங்க. கொஞ்சம் ஃபாஸ்ட்டா முடிங்க ப்ளீஸ்" என்றவள், அடுத்த நொடியே காதில் போனை வைத்துக்கொண்டு இன்னொரு பயணியின் சக்கர நாற்காலியைத் தேடத் தொடங்கினாள்.

லாசரஸ் பெட்டியைத் தட்டிக்கொடுத்தார். "தம்பி, உள்ள பவர் பேங்க் இருக்கு. எடுத்துட்டா பெட்டி போயிடும். சாவி குடுங்க."

"சாவி... ஊர்ல இருக்கு சார்."

"ஊர்லயா? இங்க பூட்டிட்டு சாவிய அங்க வெச்சிருக்கீங்களா?"

"வீட்டுல இருக்கு சார். ரெண்டாவது சாவி." இளமாறன் பெட்டியை எட்டிப் பார்த்தான். "பவர் பேங்க் எல்லாம் இல்ல சார். நல்லாப் பாருங்க. வேற ஏதாச்சும் இருக்கும்."

லாசரஸ் திரையைக் காட்டினார். செவ்வகமாக, அடர்ந்த நிறத்தில், பெட்டியின் முன்பக்கத்தை ஒட்டிப் படுத்திருந்தது அது. மறுக்க இடமே இல்லை. ஆனால் அந்தப் படம் ஒன்றைச் சொல்லவில்லை. பெட்டியின் துணி மெல்லியது. அது படத்தில் அநேகமாகத் தெரியாது. அந்தச் செவ்வகம் துணிக்கு உள்பக்கமா, வெளிப்பக்கமா என்பதை லாசரஸ்தான் பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டியையோ பிளாஸ்டிக் மறைத்திருந்தது.

"பூட்ட வெட்டணும் தம்பி. சரின்னு சொன்னா வெட்டுறேன். இல்லன்னா பெட்டி இங்கயே நிக்கும், நீங்க மட்டும் போவீங்க."

"வெட்டாம ஒண்ணும் பண்ண முடியாதா சார்? பேனாவெச்சு..."

உமைர் சிரித்துவிட்டான். "பேனா மெத்தட்டா? பாஸ், அதுக்கு நீங்க எங்கிட்ட தனியா வந்து கேட்டிருக்கணும்!"

லாசரஸ் சிரிக்கவில்லை. "அது திருடன் வேலை தம்பி. நாங்க திறந்தா திறந்தோம்னு தெரியணும். உங்களுக்குத்தான் நல்லது."

இளமாறன் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தலையாட்டினான். தலையாட்டாமல் வேறென்ன செய்வது? பெட்டி இல்லாமல் போய் நிற்பதைவிடப் பூட்டில்லாமல் கொண்டுபோய் நிற்பது மேல் என்று கணக்குப் போட்டிருப்பான். திவ்யதர்ஷினி போனைக் காதிலிருந்து எடுக்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

லாசரஸ் வழக்கம்போலப் புடைப்புக்கு மேலே ஜன்னல் வெட்டினார். மூன்று சுற்று. ஜெய்யின் கை கிடங்குக்காரன் கை. பிளாஸ்டிக் தோல்போல ஒட்டியிருந்தது. பூட்டைத் தனியே வெளியே எடுத்தார். கம்பிவெட்டியின் வாயை அதன் வளையத்தில் வைத்து அழுத்தினார். பல்லிடுக்கில் எதையோ கடித்ததுபோல ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

இளமாறன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பூட்டுக்குப் போய் இப்படியா என்று லாசரஸ் நினைத்ததாகப் பிறகு அந்தோனியம்மாளிடம் சொன்னார். தொலைந்துபோன மோதிரத்துக்காக அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறார், உடைந்த ஊறுகாய் ஜாடிக்காகச் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறார். ஒரு சின்னப் பித்தளைப் பூட்டுக்காக ஆண்பிள்ளை ஒருவன் கண்ணைத் துடைத்துப் பார்த்ததில்லை.

ஜிப்பைத் திறந்து முன்பக்கம் கைவிட்டார். செவ்வகமாக எதுவும் தட்டுப்படவில்லை. துணிகளை எடுத்து மேசையில் வைத்தார். மடித்து மடித்து, மடிப்புக்குள் மடித்து, இடமே வீணாகாமல் அடுக்கிய பெட்டி. தைலப் புட்டிகளை ஒவ்வொன்றாகக் காலுறைக்குள் விட்டு முடிந்திருந்தது. சாக்லேட் டப்பா, டார்ச் லைட், பால்மாவு டின், பிரிக்காத இரண்டு சேலை. ஒரு சிறுமியின் பள்ளிக்கூடப் பை, அதற்குள் இன்னும் சிறிய ஒரு பை. எல்லாவற்றையும் எடுத்தார். பவர் பேங்க் மட்டும் வரவில்லை.

"இதெல்லாம் நீங்க வாங்கினதா?" என்று சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்.

இளமாறன் சேலைகளைப் பார்த்தபடி, "இவ்ளோ இருக்கும்னு தெரியாது சார்" என்றான்.

கட்டினவனுக்கே தெரியாதா? லாசரஸின் கை நின்றது. திவ்யதர்ஷினி சக்கர நாற்காலியைத் தேடி வாசலுக்கு வெளியே போயிருந்தாள். இளமாறன் எல்லாவற்றையும் அங்கேயே கொட்டினான். நடேசன், கட்டில், சாவி, வசந்தகுமாரி, நாளை மறுநாள் கருமாதி. சுற்றிக் கொடுத்த ஜெய்யைப் பற்றியும், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லாரும் லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் புல்வெளியில் கூடுவதைப் பற்றியும்கூடச் சொன்னான். பயந்தவன் கேட்காததையும் சொல்வான்.

"அண்ணிகிட்ட பூட்டு அப்படியே வரும்னு சொல்லிட்டேன் சார்."

இங்கே லாசரஸ் செய்ய வேண்டியது என்னவென்று எழுதிவைத்த விதி உண்டு. பயணி தன் பெட்டி என்று பொய் சொல்லியிருக்கிறான். மேலதிகாரியைக் கூப்பிட வேண்டும். பெட்டி நிற்கும், ஆளும் நிற்பான், விமானம் போய்விடும். லாசரஸ் உமைரைப் பார்த்தார். உமைர் கூரையைப் பார்த்தான். பவர் பேங்க் ஒன்றைத் தவிர, அந்தப் பெட்டியில் இருந்த ஒவ்வொரு பொருளும் அப்போது மேசைமேல்தான் இருந்தது. வெடிமருந்துச் சோதனைத் துணியால் துடைத்தும் பார்த்தாகிவிட்டது. விமான நிலையத்திலேயே முழுசாகப் பார்க்கப்பட்ட பெட்டி என்று ஒன்று இருந்தால் அது அதுதான். "நான் ஒண்ணும் கேக்கல, நீங்க ஒண்ணும் சொல்லல" என்றார் லாசரஸ். பெரிய விதியை மீறுவது அவருக்கு அவ்வளவு சுலபமாக வந்தது.

"அங்கிள்" என்றான் உமைர். கூரையிலிருந்து இறங்கிய அவன் பார்வை இப்போது பெட்டியின் வயிற்றில் நின்றது. "முன்னாடி ஒரு பாக்கெட் இருக்கு லா."

இருந்தது. உள்ளே காலியானதும் பிளாஸ்டிக் தளர்ந்து, முன்பக்கத்தில் ஒரு நீளமான ஜிப்பின் வரி தெரிந்தது. அதற்குப் பூட்டே இல்லை. உமைர் தன் பாணியில் ஒரே இழுப்பாகப் பிளாஸ்டிக்கை உரித்து, அந்த ஜிப்பை இழுத்து, உள்ளேயிருந்து பவர் பேங்க்கை எடுத்து மேசையில் வைத்தான். அதனோடு ஒரு சார்ஜர் கம்பியும் ஒரு சீப்பும் வந்தன. நடேசனின் கட்டில்மேல் மிஞ்சிக் கிடந்தவற்றை, பெட்டிதான் பூட்டியிருக்கிறதே என்று யாரோ வெளிப்பையில் போட்டுச் சுற்றியிருக்கிறார்கள்.

முதலிலேயே பிளாஸ்டிக்கை மொத்தமாக உரித்திருந்தால் அந்தப் பை தெரிந்திருக்கும். பூட்டைத் தொட்டிருக்கவே வேண்டாம். பிளாஸ்டிக்குக்குக் காட்டிய தயவில் பூட்டுப் போயிற்று. உமைருக்கு இது புரிந்ததோ இல்லையோ, உரித்த பிளாஸ்டிக்கைச் சுருட்டிக் குப்பையில் போட்டான். லாசரஸுக்குப் புரிந்தது. இளமாறனுக்கும் புரிந்தது.

"வெளிப்பையில இருந்திச்சா சார்?"

"ம்."

"அப்ப பூட்ட..."

லாசரஸ் துணிகளை அடுக்கத் தொடங்கினார். நடேசன் அடுக்கியதுபோல அடுக்க அவருக்கு வரவில்லை. எல்லாம் எடுத்த இடத்துக்கே போனாலும் பெட்டி மூட மறுத்தது. உமைர் மேலே கையை வைத்து அழுத்த, ஜிப் ஒருவழியாக ஓடியது. அதற்குமுன் அச்சடித்த சீட்டை மேலாக வைத்தார். பாதுகாப்புக் காரணத்துக்காக இந்தப் பெட்டி திறக்கப்பட்டது, பூட்டுக்கு நேர்ந்த சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று அதில் ஆங்கிலத்தில் இருந்தது. வெட்டிய பூட்டையும் அதனோடு வைத்தார்.

"சார், ஒரு உதவி." இளமாறன் கைபேசியை எடுத்தான். "அண்ணிக்குப் போன் போடுறேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. தப்பா நடந்துடுச்சு, நாங்கதான் வெட்டுனோம்னு மட்டும். நான் சொன்னா அவங்க நம்புவாங்க. மத்தவங்க நம்ப மாட்டாங்க சார். இவன்தான் வழியில தொறந்து என்னத்தையோ எடுத்துட்டான்னு பேசுவாங்க."

"இந்த ரூம்ல போன் பேசக்கூடாது தம்பி."

"வெளிய வந்து பேசுங்க சார். ரெண்டே நிமிஷம்."

"டியூட்டில வெளிய வரக்கூடாது." லாசரஸ் பிளாஸ்டிக் கட்டை இறுக்கி, மிஞ்சிய வாலை வெட்டினார். "உள்ள சீட்டு வெச்சிருக்கேன். அத காட்டுங்க, போதும்."

அந்தச் சீட்டு போதாது என்பது சொன்னவருக்கும் தெரியும், கேட்டவனுக்கும் தெரியும். சற்று முன்தான் ஆளையே காட்டிக்கொடுக்காமல் விட்ட மனிதர், இரண்டு நிமிட போனுக்கு விதியைப் பிடித்துக்கொண்டார். திவ்யதர்ஷினி திரும்பி வந்து, "முடிஞ்சுதா அங்கிள்? தேங்க் யூ, தேங்க் யூ!" என்று இளமாறனின் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனாள். பவர் பேங்க் அவன் கைப்பையில் போயிற்று.

அன்று வீட்டுக்கு வந்த லாசரஸ் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்ன, கறி பிடிக்கலையா?" என்றார் அந்தோனியம்மாள்.

வழக்கத்துக்கு மாறாக உடனே பதில் வந்தது. எல்லாவற்றையும் சொன்னார். அந்தோனியம்மாள் கேட்டுக்கொண்டே மீனிலிருந்து முள்ளை எடுத்தார்.

"போன்ல அந்தப் பொம்பள என்ன செஞ்சிருக்கும்? உங்கள அடிச்சிருக்குமா?"

"அழுதிருக்கும்."

"நீங்களும் கூடச் சேர்ந்து அழுதிருக்கலாம்ல? ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் அழுறீங்க." முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "அந்தப் பையன் இருக்கிற இடம்தான் தெரியும்ல. போய்ச் சொல்லிட்டு வாங்க. சொல்லாம எம்பக்கத்துல பூசைக்கு வந்து நிக்காதீங்க."

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் லாசரஸுக்குக் காலில் வலி, பிறகு மழை, பிறகு கிளமெண்டியில் இருக்கும் மகள் டானியலா வீட்டில் விருந்து. காரணங்கள் தீர்ந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் லிட்டில் இந்தியாவில் இறங்கினார்.

நடைபாதையில் பெட்டிக்கடைகள் வாய் திறந்திருந்தன. பெட்டி என்றால் நிஜமாகவே பெட்டி. ஒன்றுக்குள் ஒன்று வைத்து, வாசல்வரை அடுக்கியிருந்தார்கள். அட்டை ஒன்றில் வரிசையாகப் பித்தளைப் பூட்டுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு சாவி தொங்கியது. ஓர் இளைஞன் அதில் ஒன்றைப் பூட்டித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். லாசரஸ் நடையை எட்டிப்போட்டார்.

புல்வெளியில் கும்பல் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். எந்தப் பட்டறை, எந்த விடுதி என்று கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தார். இளமாறன் அங்கே இல்லை. ஊரிலிருந்து இன்னும் திரும்பவில்லை என்றார்கள். பொட்டலத்திலிருந்து வடையைப் பிட்டுக்கொண்டிருந்த அகலத் தோள்காரன் ஒருவன், "நான் ஜெய். அவன் ரூம்மேட்தான். நீங்க யாருண்ணே?" என்றான்.

"அவரு எனக்குத் தெரிஞ்சவர். ஏர்ப்போர்ட் பக்கம் வேலை." அவ்வளவு தூரம் வந்துவிட்டார். இன்னும் ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி. "அவர் கொண்டுபோன பெட்டி... நல்லபடியா போய்ச் சேர்ந்துச்சா?"

ஜெய் வடையைப் பொட்டலத்திலேயே வைத்துவிட்டான்.

"போச்சுண்ணே. பூட்டுப் போயிருச்சு. அண்ணி சாவியக் கையில வெச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருந்தாங்களாம். பொட்டியத் தொறக்கவே இல்லையாம். யாரு வெட்டுனா, எதுக்கு வெட்டுனாங்கன்னு ரெண்டே கேள்வி. இவனுக்குச் சொல்லத் தெரியல. நடேசன் அண்ணனோட தம்பி ஒருத்தன், நகை ஏதும் இருந்துச்சான்னு கேட்டானாம். இளமாறன் அதுலேர்ந்து அந்தத் தெருப்பக்கமே போறதில்ல."

"சீட்டு வெச்சிருந்தாங்கல்ல?"

"இங்கிலீஷ் சீட்ட யாருண்ணே படிக்கிறாங்க?" ஜெய் புல்லைப் பிடுங்கினான். "தப்பு என்னோடதுண்ணே. கட்டில்ல கெடந்த பவர் பேங்க்க நான்தான் முன்னாடி பையில போட்டுச் சுத்துனேன். அவன்கிட்டகூடச் சொல்லல. அண்ணனோட பொருள் எதுவும் இங்க தங்கிடக்கூடாதுன்னு நெனச்சேன். அது இல்லன்னா அவங்க பூட்டத் தொட்டிருக்கவே மாட்டாங்கல்ல? தூக்கமே வரலண்ணே. அண்ணிக்கு நானே போன் போட்டுச் சொல்லிட்டேன், என்னாலதான்னு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுஞ் சொல்லாம வெச்சுட்டாங்க."

வெளிப்பையில் இருந்த பொருளுக்காக உள்பூட்டை வெட்ட வேண்டியதில்லை என்பதை அந்தப் புல்வெளியில் அறிந்திருந்தவர் ஒருவர்தான். அதை எடுத்துச் சொல்ல விமான நிலைய அனுபவமோ தமிழ்ப் புலமையோ தேவையில்லை. 'தம்பி, பிசகு உன்னுடையதல்ல, வெட்டியவன் சரியாகப் பார்க்கவில்லை, வெட்டியவன் நான்' என்றால் முடிந்தது. ஜெய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏர்ப்போர்ட்டில் வேலை பார்க்கிறவர், ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்ப்பதுபோல இருந்தது.

லாசரஸ் அவன் தோளில் தட்டிக்கொடுத்து, "இனிமே பவர் பேங்க்க எல்லாம் கைப்பையில வெச்சுக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ரயிலேறி வீட்டுக்குப் போனார்.